குனிந்த கழுத்துக்கு நிமிர்ந்த முகம்

மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த உறவு முடிந்தது. தொப்பூரில் லாரிகளின் முதுகில் புலியும் மயிலும் வரைந்துகொண்டிருந்த கை இது. இன்று அரூரில் என் சொந்தக் கடையில் இருபது அடி அகல பிளக்ஸ் அடிக்கிறேன். எவனும் தூக்கிவிடவில்லை. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

போன தடவை கட்சியில் பதவி போட்டபோது நடந்தது. போர்வெல் வண்டி வைத்திருக்கும் நம்மூர்க் கட்சிக்காரர் ஒருவர் பென் டிரைவோடு கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாவட்டம், அதாவது கட்சியின் மாவட்டச் செயலாளர், அரூருக்கு வருகிறார், அன்றைக்கே ஒன்றியச் செயலாளர் யார் என்று முடிவாகும். போட்டிக்கு நின்றவரோ, "இவன் தலைவர் பக்கத்துலயே போனதில்ல" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வருகிறார். போனதற்கு இவரிடம் அத்தாட்சி ஒன்றே ஒன்று. தர்மபுரி மேடையில் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துகிற படம்.

படத்தைத் திறந்தோம். தலைவர் சிரிக்கிறார். பக்கத்தில் இவர் பணிந்து, குனிந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இறுக மூடி, வாயை ஆவெனத் திறந்திருக்கிறார்.

"தும்மிட்டனுங்கண்ணா. அந்தப் பொன்னாடையில என்னா தூசோ தெரியல. இருந்தது ஒரே படம். தலைவர் மூஞ்சியில தும்முனவன்னு பிளக்ஸ் வச்சா என் கதி என்னாவறது? மூஞ்சிய மட்டும் மாத்திக் குடுங்க."

"உங்க மூஞ்சிதான், உங்க உடம்புதான். ரெண்டும் ஒரே ஆளுதானேங்க. மாத்திப்புடலாம்" என்றேன்.

பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னார். "ஒட்டுன மாதிரி மட்டும் தெரியக்கூடாதுங்க. அவன் பாத்தான்னா, ஆளே அங்க இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர் வேலன்னு சொல்லிப்புடுவான். நான் நெசமாவே போனனுங்கண்ணா!"

பாவம். எங்கள் தொழிலில் பொய்யை நிஜம் போலக் காட்டச் சொல்லி நாளைக்கு நாலு பேர் வருகிறார்கள். நிஜத்தை நிஜம் போலக் காட்டச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

அவர் கொடுத்த மற்றப் படங்களை எண்ணினால் நாற்பது இருக்கும். நாற்பதிலும் மீசை மேலே, மோவாய் அதற்கும் மேலே. கல்யாண வீட்டிலும் அப்படி, சாவு வீட்டிலும் அப்படி.

என் கடையில் டிசைன் செய்கிற அம்மா காலேஜ் படித்தவர். அந்த நாற்பதில் ஒரு முகத்தை வெட்டித் தும்மலின் மேல் வைத்தார். கழுத்து சாய்ந்திருக்க, தலை மட்டும் கொடிக்கம்பம் போல நின்றது.

"இருங்கய்யா, இன்னும் சாய்க்கல" என்றார். தும்முகிற முகத்தின் இரண்டு கண்ணுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார். புது முகத்தின் கண்களுக்கும் அதே போல ஒன்று. முதல் கோடு எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவுக்குப் புது முகத்தைத் திருப்பினார். ஆனால் முகம் மூக்கை அச்சாக வைத்துச் சுற்றியது. மோவாய் கழுத்தை விட்டு விலகித் தோள்பக்கம் போய்விட்டது. உடனே அச்சை மோவாய்க்கு அடியில், தொண்டைக்குழிக்கு மேலே இழுத்து வைத்துவிட்டுத் திருப்பினார். தலை கழுத்தின் மேலேயே சாய்ந்தது. வேலை தெரிந்தவர். ஆள் எடுப்பதில் நான் ஏமாந்ததே இல்லை.

அப்படியும் பார்க்கச் சகிக்கவில்லை. தட்டில் வைத்த தேங்காய் உருண்டு நின்றது போல இருந்தது.

"சாய்வு சரிதான்யா, கோணம் ஒத்துப்போவுதே. அப்புறமும் ஏன் இப்படி?" என்றார் அந்த அம்மா.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனேன். முன்னூறு லாரிக்கு முகம் வரைந்த கண்ணுக்கு அரை நிமிடம் போதும்.

"ஏம்மா, இவருக்குப் பழைய படத்து உச்சி மண்டையும் தெரியுது, புது மூஞ்சியோட மூக்கு ஓட்டையும் தெரியுது. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல ரெண்டும் எப்படித் தெரியும்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். விஷயம் இதுதான். பக்கவாட்டில் சாய்ந்ததைத் திருப்பிச் சரிக்கட்டலாம். முன்பக்கம் குனிந்ததை அப்படிச் செய்ய முடியாது. குனிந்தால் உச்சி முன்னால் வரும், காது கண்ணுக்கு மேலே ஏறும், மூக்கு நுனி உதட்டை நோக்கி இறங்கும். நிமிர்ந்தால் எல்லாமே நேர் எதிர். நிமிர்ந்த முகத்தைப் பம்பரமாகச் சுற்றினாலும் அது குனியாது. குனிந்த முகம்தான் வேண்டும். அது அந்த நாற்பதில் இல்லை.

கட்சிக்காரரைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தோம். மேடையில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுந்திருந்ததால் விளக்கையும் வலப்பக்கமே வைத்தேன். கேமராவை மேடைப் படத்தில் இருந்த உயரத்துக்கே நிறுத்தினேன்.

"கொஞ்சம் குனிங்க."

மீசையைத் தடவிக்கொண்டார். "இந்தத் தல எவனுக்கும் குனிஞ்சது கெடையாதுங்கண்ணா."

"படத்துல குனிஞ்சிருக்கீங்களே?"

"அது தும்முனதுல தானா வந்ததுங்க."

கீழே பாருங்க என்றேன். மோவாயைத் தூக்கியபடியே கண்ணை மட்டும் கீழே இறக்கினார். அது தூங்குகிற ஆள் மாதிரி வந்தது. தலைவர் கால் எதிரே இருக்கிறதென்று நினைத்துக்கொள்ளுங்க என்றேன். "அதான் நெஞ்சுல இருக்குதே" என்று இன்னும் நிமிர்ந்தார். டிசைன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை அடக்க.

படிப்பில்லாதவனுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் மூளை ஓடும். பிளக்ஸில் போட அவர் எழுதிக் கொடுத்த பட்டங்களை ஒரு தாளில் பொடி எழுத்தில் அச்செடுக்கச் சொன்னேன். மண்ணின் மைந்தர், ஏழைகளின் ஏணி, அரூரின் அரிமா என்று பதினொன்று. தாளை அவர் மடியில் வைத்தேன்.

"எல்லாம் வந்திருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

குனிந்தார் பாருங்கள்! அப்படியொரு பணிவு. தலை முன்னால் வந்தது, எழுத்து பொடியென்பதால் ஒரு பக்கம் சாயவும் செய்தது. கண் தாழ்ந்து, உதட்டில் பக்தியாக ஒரு புன்னகை. நான் ஏழெட்டு படம் தட்டிவிட்டேன்.

"'ஏரி வெட்டிய ஏந்தல்' எங்கீங்க காணோம்?" என்று அப்போதுதான் நிமிர்ந்தார்.

மீதி சுலபமாக முடிந்தது. உச்சியும் காதும் பொருந்தின. சாய்வு மட்டும் இன்னும் ஆறேழு டிகிரி போதவில்லை, அதை டிசைன் அம்மா தொண்டையில் அச்சு வைத்துத் திருப்பினார். மோவாய்க்கு அடியில் கழுத்தின் மேல் ஒரு நிழல் போட்டார். சாய்ந்த பக்கத்துக் கழுத்துச் சுருக்கம் பழையபடியே நின்றது.

ஞாயிறன்று பஸ் ஸ்டாண்டு எதிரே பிளக்ஸ் நின்றது. போட்டியாளர் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்று, ஒட்டின இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தாராம். ஒன்றும் அகப்படவில்லை. மாவட்டம் காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "தலைவர் முன்னாடி எப்படி நிக்கணும்னு இவரப் பாத்துக் கத்துக்கங்கய்யா" என்று கூட்டத்திலேயே சொன்னார். பதவி அன்று மாலையே வந்தது.

பத்து நாள் கழித்து ஒன்றியச் செயலாளர் கடைக்கு வந்தார். பின்னால் நாலு பேர். உட்காரச் சொல்லும்முன் உட்கார்ந்தார்.

"அண்ணா, அதே படம், வாழ்த்து பிளக்ஸ். ஒரே ஒரு மாத்தம். இப்பதான் பதவி வந்துடுச்சே, தலய கொஞ்சம் நிமித்திடுங்க."

டிசைன் அம்மா என்னைப் பார்த்தார். பழைய நாற்பதில் ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லிக் கண்காட்டினேன். வைத்தார். உச்சி மண்டையும் மூக்கு ஓட்டையும் ஒன்றாகத் தெரிந்தன. பின்னால் நின்ற நாலு பேரில் ஒருத்தன் இருமி மறைத்தான்.

"தலய நிமித்தறது சுலபங்க. ஆனா கழுத்து தலைவர் முன்னாடி குனிஞ்சது, அது எந்திரிக்காது" என்றேன்.

மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப தலைவர வெட்டிடுங்க" என்றார்.