நனைத்தால் வரும் கப்பு

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. திருவொற்றியூரில் ஒரு ரூமும் அடுப்படியும் உள்ள குடியிருப்பு. ராயபுரத்தில் இருக்கும் ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அப்போது துவைத்துத் தேய்த்துக் கொடுத்தது நானும் என் வீட்டுக்காரரும்தான். மழை பிடித்துவிட்டால் அத்தனையும் உள்ளேதான் காயவேண்டும். மழை இல்லாத நாளிலும் மொட்டைமாடியை முழுசாக நம்ப முடியாது. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வெள்ளை விரிப்பில் சாம்பல் படிந்துவிடும். திரும்பத் துவைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு முன்பெல்லாம் இஸ்திரி வண்டிதான் தொழில். இப்போது வீட்டுக்கு வீடு அயன் பாக்ஸ் வந்துவிட்டது, தேய்க்கவே தேவையில்லாத சட்டைகளும் வந்துவிட்டன. வண்டி பாதி நாள் சும்மா நிற்கும். லாட்ஜ் துணி ஒன்றுதான் எங்களுக்கு நின்று நிலைத்த வேலையாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மூட்டையை இறக்கியதும் லாட்ஜ் அண்ணாச்சி ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். தேங்காய்ப்பூ துண்டு, நல்ல கனம்.

"மோந்து பாருங்கம்மா."

பார்த்தேன். கடைசி அலசலில் நான் ஊற்றும் வாசனைத் தண்ணீரின் மணம்தான்.

"வாசனையாத்தான இருக்கு அண்ணாச்சி?"

அவர் துண்டின் முனையை ஒரு மக் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மறுபடி நீட்டினார். மூக்கை எடுத்துவிட்டேன். முக்கல் வாடை. எங்கள் பக்கத்தில் கப்பு என்போம். ஈரச் சாக்கு நாள்கணக்கில் மூலையில் கிடந்த மாதிரி.

"கப்பல்லேந்து எறங்கினவன் ஒடம்ப தொடச்சா, துண்டு இன்னா மல்லிப்பூவா மணக்கும், அண்ணாச்சி?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிப்பார். அன்றைக்கு அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"துவைச்சு வந்த துண்டுல்லா இது? குளிச்சிட்டுத் தொடச்சா குளிக்காதவன் மாதிரி நாறுதுங்காரு ரூம்ல இருக்கவரு. எனக்கு வெக்கமாப் போச்சு. மிஷின்லயே காய வைக்கிற லாண்டரிக்காரன் தெனம் வந்து நிக்கான். அடுத்த மூட்டையும் இப்படின்னா அவன்ட்ட குடுத்துருவேன், பாத்துக்கிடுங்க."

ஆட்டோவில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் விடவில்லை.

"தண்ணில முக்கி மோந்து பாக்கறான்மே. துணிய மோந்து பாக்க வந்தவனா, வாங்க வந்தவனா?"

"நனைஞ்சாத்தான்யா வருது. காஞ்சா தெரில," என்றேன்.

"கொஞ்சம் வாசன ஜாஸ்தியா ஊத்துமே. சரியாப்பூடும்."

அது சரியாகாது என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே கயிறு, ஒரே மழை, ஒன்றாகத்தான் துவைத்தது. பாலியெஸ்டர் கலந்த விரிப்புகள் மறுநாளே காய்ந்து சலசலத்தன. அந்த நூல் தண்ணீரை உள்ளே வாங்காது, மேலேயே நிற்கும் ஈரம் சீக்கிரம் போய்விடும். பருத்தித் துண்டு அப்படி இல்லை. நூலே தண்ணீரைக் குடிக்கிறது. அதுவும் தேங்காய்ப்பூ துண்டில் நூல் சுருள் சுருளாக நிற்பதால் இன்னும் அதிகம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி, சுருளின் அடியிலும் ஓரத் தையலிலும் சில்லென்று இருந்தது. பாலியெஸ்டரும் யோக்கியம் இல்லை. லாட்ஜில் தங்கும் லாரி டிரைவர்கள் துவைக்கப் போடும் பாலியெஸ்டர் பனியனில் வியர்வை நாற்றம் துவைத்தும் போகாது, எண்ணெய்ப் பிசுக்கை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அது வேறு வாடை. இந்த முக்கல் வாடை, நேரத்துக்குக் காயாத ஈரத்தில் பிறப்பது.

கைப்பேசியில் ஒரு பெண் இதைப் பற்றிப் பேசியதையும் கேட்டேன். துவைத்த துணியிலும் உடம்பு எண்ணெயும் அழுக்கும் துளி தங்குமாம். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதைத் தின்னும். சீக்கிரம் காய்ந்தால் அது பெருகாது. ஈரம் நீண்டால் பெருகி வாடை விடும். காய்ந்த பிறகும் சாகாமல் கிடக்கும், நனைந்தால் மறுபடி கிளம்பும்.

அப்போதுதான் எங்கள் தவறு புரிந்தது. தேய்க்கிறவர்கள் சட்டையைக் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே தேய்ப்போம். அப்போதுதான் மடிப்பு நிற்கும். அதே பழக்கத்தில் துண்டையும் அரை ஈரத்தில் தேய்த்தோம். இஸ்திரிப் பெட்டியின் சூடு மேல் ஈரத்தை ஆவியாக்கும், வாடையும் அந்த நேரத்துக்கு அடங்கும். அடியில் இருந்த ஈரத்தோடு சூடாகவே மடித்து, இறுக்கி மூட்டை கட்டினோம். நாங்களே புழுங்க வைத்து அனுப்பியிருக்கிறோம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பொட்டிச் சூட்டுல கிருமி செத்துடும்மே," என்றார்.

"மேல படறது சாவும். அடில ஈரமா இருக்கறது?"

அடுத்த மூட்டைக்குத் துண்டுகளை வெந்நீரில் ஊற வைத்தேன். வாசனைத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். ஸ்பின்னரில் இரண்டு தடவை போட்டுச் சுற்றினேன். முடிந்தவரை ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிட்டு, ஃபேனைப் போட்டு, சாரல் படாத பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தேன். காற்று ஓடினால்தான் ஈரம் வெளியே போகும். மூடிய ரூமில் துணியின் ஈரமும் சோறு வடிக்கிற ஆவியும் சேர்ந்து சுவரே வியர்த்துவிடும்.

ஆனால் துண்டுகள் நிறைய. கயிற்றில் விரலிடை கூட மிஞ்சவில்லை. ஒரு துண்டின் ஈரத்தை அடுத்தது வாங்கிக்கொண்டது. மழை வலுத்ததும் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. ஜன்னலையும் சாத்த வேண்டியதாயிற்று. கரண்ட் வந்தபோது கயிற்றின் நடுவில் தொங்கியவற்றில் அந்த வாடை வந்திருந்தது. லாட்ஜில் மாற்றுத் துண்டு இல்லை, அண்ணாச்சி போன் மேல் போன். கதவோரம் தொங்கிய, இன்னும் ஈரம் போகாத சில துண்டுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோனோம்.

அண்ணாச்சி ஒன்றை எடுத்தார், மக்கில் முக்கினார், மோந்தார். என்னிடம் நீட்டக்கூட இல்லை.

"மிச்சம் வீட்ல இருக்கிறத நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருங்கம்மா. இனி வேண்டாம்."

என் வீட்டுக்காரர், "மழ நின்னா பாரு அண்ணாச்சி, பூ மாறி குட்க்கறோம்," என்றார்.

"மழை எனக்காகவா நிக்கும்? கோவிச்சுக்கிடாதீக."

வீட்டில் மீந்த சில துண்டுகள் மொத்தக் கயிறும் தங்களுக்கே என்பதுபோல் தள்ளித் தள்ளித் தொங்கின. ஃபேன் நேராக மேலே. மறுநாள் காலையில் ஓரத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இல்லை. தேய்க்காமல், ஆறவிட்டே மடித்தேன்.

அண்ணாச்சி பழக்கத்தில் அதையும் மக்கில் முக்கினார். மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

"நல்லாத்தான இருக்கு. இத அப்பவே செஞ்சிருந்தா என்னம்மா?"

வரவேற்பறையில் மிஷின் லாண்டரியின் நீலப் பைகள் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. கொஞ்சம் துண்டு என்பதால்தான் இது காய்ந்தது, உங்கள் துண்டு முழுதும் எங்கள் ரூமில் இப்படிக் காயாது, இனி எத்தனை மழைக்கும் காயாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

"இன்னாமே நிக்கற, வா," என்று என் வீட்டுக்காரர் வெளியே இருந்து கூப்பிட்டார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.