டாலர் இறங்கியும் இறங்காத செல்போன்

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். கோபாலபுரத்தில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளின் லிஃப்ட் வேலையைச் செல்போன் வைத்திருப்பவனுக்குத்தான் தருவேன் என்று கட்டியவர் சொல்லிவிட்டார். செல்போன் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

தி.நகர் செல்போன் கடைக்கு நானும் கூடப் போனேன். எங்கள் கண் முன்னாலேயே கடைக்காரர், பெட்டியில் இருந்த விலைச் சீட்டின் மேல் கூடுதல் விலை போட்ட சீட்டை ஒட்டினார்.

"டாலர் ஏறிப்போச்சு தம்பி. பழைய விலைக்கு வித்தா, அந்தக் காசுல அடுத்த பீஸ் எடுக்க முடியாதுல்லா?"

டாலர் இறங்கட்டும் என்று திரும்பிவிட்டோம். சில வாரத்தில் இறங்கியும் விட்டது. பேப்பரில் பார்த்துவிட்டு ஓடினோம். விலை அப்படியே இருந்தது.

"இன்னா அண்ணாச்சி, டாலர்தான் எறங்கிடுச்சே?" என்றான் மகன்.

"இது டாலர் ஏறுனப்போ எடுத்த சரக்கு. மொதல்ல இது தீரட்டும். நாளைக்கே மறுபடியும் ஏறுனா நான் என்ன செய்ய?"

"ஏறும்போது மட்டும் பழைய சரக்குக்கும் சேத்து ஏத்துனீங்களே?"

"யாவாரம் தம்பி. இந்த விலைக்கும் ஆளு வாங்கத்தானே செய்யுதாங்க."

அத்தனை ஆண்கள் நின்ற கடையில் பெண் நான் ஒருத்திதான். "வாப்பா, போலாம்" என்று மகனை வெளியே கூட்டி வந்தேன்.

அந்த வாரமே, ஏறிய விலைக்குப் போன் வாங்கிய இன்னொரு மெக்கானிக்குக்கு அந்த லிஃப்ட் வேலை கிடைத்துவிட்டது. விலை அடுத்த வருடம்தான் இறங்கியது, அதுவும் புது மாடல் வந்ததால். அதற்குள் என் மகன் அவனிடமே கூலிக்குச் சேர்ந்திருந்தான்.