ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை

திண்டுக்கல் பேருந்து நிலையம் அருகே பதினான்கு வருடமாகத் தையல் கடை நடத்திய ஒச்சாயிக்கு முட்டிவலி. கடையைக் காலி செய்யத் தானே ஒரு கடிதம் எழுதி, ஜூன் பத்தாம் தேதி தட்டச்சுக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"அடுத்த மாசத்தோட கடைய விட்டுர்றேன், ஒழுகுற கூரைய நீங்களே வச்சுக்கங்க" என்று இருந்தது.

தட்டச்சு செய்யும் தேவதர்ஷினி, ஒச்சாயி கையோடு கொண்டுவந்த வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மாச நோட்டீஸ் தரணும்க்கா. மாசக் கடைசியிலதான் காலி பண்ணணும்னும் இருக்கு. அப்ப ஆகஸ்ட் முப்பத்தொண்ணுன்னு தேதியே போட்ருவோம். கூரைப் பேச்சு வேணாம்."

தேதியிட்ட கடிதம் இப்படி முடிந்தது: "ஆகஸ்ட் 31 அன்று கடையைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் இடம் தந்தமைக்கு நன்றி."

கடையின் சொந்தக்காரர் சூசைமாணிக்கம் அதை இருமுறை படித்தார். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என எழுதித் தேதியுடன் கையெழுத்திட்டார்.

"சண்ட போட்டுட்டுத்தான் போவேன்னு நெனச்சேம்மா."

"மொத எழுதுனது சண்டதாண்ணே" என்றாள் ஒச்சாயி.

அவர் சிரித்துவிட்டார். மறுவாரமே கூரையைச் சரிசெய்ய ஆள் அனுப்பினார். கடைசி மழைக்காவது துணி நனையாமல் தைத்தாள்.