பன்னிரண்டு வீடு சுற்றிய தவணைக் காகிதம்

யுத்தம் நடந்த வருஷங்களில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு குலுக்குச் சீட்டுப் போட்டிருந்தோம். வீட்டுக்கு மாசம் ஐந்து ரூபாய். முதல் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் எல்லோரும் என் வீட்டில் கூடுவார்கள். இன்னும் சீட்டு எடுக்காதவர்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதி, செம்பில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். வந்த பெயருக்கு அறுபது ரூபாய். எடுத்தவரும் கடைசி மாசம் வரை கட்டியே ஆக வேண்டும். யாராவது கட்டத் தவறினால் நடத்துகிறவன் அந்தப் பங்கைத் தன் கையிலிருந்து போட வேண்டும்.

நடத்துகிறவன் நான்தான். உப்பளத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று பங்குச் சாமியாரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதுதான் என்னைக் கெடுத்தது.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. அவசரம் உள்ளவர் ஞாயிறன்று தானே வந்து, எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டால், குலுக்காமல் அவருக்கே கொடுத்துவிடுவோம். ஆள் விட்டுக் கேட்கக் கூடாது.

ஒவ்வொரு மாசமும் வியாழக்கிழமை ஒரு காகிதம் எழுதி அனுப்புவேன். ‘வருகிற ஞாயிறு சீட்டு. பணத்துடன் வரவும்.’ அவ்வளவுதான். ஒரே காகிதம் வீடு வீடாகப் போகும். படித்தவர் கையெழுத்துப் போட்டு அடுத்த வீட்டில் கொடுப்பார். கடைசி வீட்டிலிருந்து என்னிடம் திரும்பும்.

அதற்கு யாரும் அசைவதில்லை. எந்த ஞாயிறு, எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் திங்கட்கிழமைதான் பணத்தோடு வருவார்கள். என் கைப்பணம் கரைந்துகொண்டிருந்தது. ஆறாவது வீட்டில் துறைமுக ஆபீஸ் பியூன் ஒருவர் இருந்தார். ஒரு நாள் என் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

“என்னவே இது, கலியாணத்துக்குக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு! தேதி இல்ல, மணி இல்ல. எங்க ஆபீசுல பாக்கிக்காரன் பேரைப் பலகையில ஒட்டிருவாவ. மறுநா விடியுமுன்ன காசு வந்துரும்.”

“நம்ம தெருவுல அப்படிச் செய்யலாமா அண்ணாச்சி?”

“அப்ப நீரே கட்டிட்டு இரும். உம்ம பொண்டாட்டி நகை இருக்குல்லா.”

அது சுருக்கென்று தைத்தது. அந்த மாசம் காகிதத்தைத் திருத்தி எழுதினேன். தேதி போட்டேன். காலை ஒன்பது மணி என்று போட்டேன். கட்ட வேண்டிய தொகை, பணம் சேர வேண்டிய இடம் எல்லாம் தெளிவாக எழுதினேன். அதுவரைக்கும் நல்ல வேலைதான். பிறகு கீழே கோடு கிழித்து, ‘பாக்கி: கடைசி வீடு, இரண்டு தவணை’ என்று சிவப்பு மையில் எழுதினேன். பாக்கி இருந்தது அந்த ஒரு வீடுதான்.

கடைசி வீட்டுக்காரன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தவன். சங்கு குளிக்கிறவன். கடலுக்கடியில் அவனளவுக்கு மூச்சுப் பிடிக்கிறவன் எங்கள் கரையில் குறைவு. அந்த வருஷம் நெஞ்சில் இருமல் இறங்கி, துணியில் ரத்தம் தெரிய ஆரம்பித்திருந்தது. குளிக்கப் போக முடியவில்லை. இரண்டு மாசம் அவன் தவணையை நான் போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாதவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

காகிதம் வியாழன் காலை புறப்பட்டது. வெள்ளி சாயங்காலம் அவன் மனைவி வந்தாள்.

“அண்ணாச்சி, பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்கு உடனே கூட்டிட்டுப் போகச் சொல்லுதாவ. தள்ளிப்போட்டா ஆளு தங்காதுங்காவ. ஞாயித்துக்கெழம சீட்டை எங்களுக்குக் கேக்கலாம்னு இருக்காவ. எந்திரிச்சு வந்து அவுகளே கேப்பாவ. நீங்க ஒரு வார்த்தை கூடச் சொல்லணும்.”

“சொல்லுதேன் தாயி. எல்லாரும் சம்மதிப்பாவ. மாதா கைவிடமாட்டா.”

அவள் போன பிறகு காகிதம் நினைவுக்கு வந்தது. அப்போது அது எட்டாம் வீட்டில் இருந்தது. எனக்குத் தெரியும். எழுந்து இருபது அடி நடந்தால் வாங்கிக் கிழித்துப் போட்டிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினேன். ஏழு வீடு ஏற்கெனவே படித்துவிட்டதே, இனி வாங்கி என்ன என்று ஒரு யோசனை. அவ்வளவு நன்றாக எழுதியதை அடித்து எழுதுவதா என்று இன்னொரு யோசனை. இரண்டாவதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் செபமாலை சொல்ல உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காகிதம் திரும்பி வந்தது. எல்லாக் கையெழுத்தும் இருந்தது. கடைசியில் அவனுடையதும், கோணாமல், நிதானமாக.

ஞாயிறு ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. பியூன் அண்ணாச்சி என் தோளில் தட்டினார். “பாத்தீரா? மருந்து வேலை செய்யுது!” அவன் மட்டும் வரவில்லை. பத்து மணி வரை காத்திருந்தோம். ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“ஏலே, எந்திரி. கைத்தாங்கலா கூட்டிட்டுப் போறேன். வந்து ஒரு வார்த்தை கேளு.”

“பாக்கிக்காரன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பான்? பதினோரு வீடும் படிச்சபொறவுதான் எனக்கு வந்துச்சு. நீ போ.”

“நான் கேக்கேன் உனக்காக.”

“கேட்டியானா நான் செத்த வீட்டுக்குக்கூட நீ வரவேண்டாம்.”

திரும்பி வந்து, வெட்கத்தை விட்டு, கேட்கத்தான் செய்தேன். “அவன் வாயால கேக்கட்டும். அதுதான நம்ம வழக்கம்?” என்றார் ஒருவர். அவர்மேல் தப்பில்லை. செம்பு குலுங்கியது. வேறு பெயர் வந்தது.

அந்த வாரமே உட்கார்ந்து அடுத்த மாசத்துக்குப் புதிதாக எழுதினேன். இந்த முறை பன்னிரண்டு தனித்தனிக் காகிதம். மடித்து, ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு விஷயம் மட்டும். தேதி, மணி, தொகை. கீழே: ‘இந்த மாதம் இயலாதவர்கள் ஞாயிறுக்கு முன் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். அவசரத் தேவை உள்ளவர்கள் இதிலேயே எழுதி அனுப்பலாம், நேரில் வந்து கேட்க வேண்டியதில்லை.’ வழக்கத்தை மாற்ற ஒவ்வொரு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. இவ்வளவு சுலபமாயிருந்தது.

கடைசி வீட்டுக் காகிதத்தை முதலில் கொண்டுபோனேன். அவனுக்குப் படிக்கத் தெம்பில்லை. அவள் படித்துக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டே, “இது நல்லாருக்குலே” என்றான். அவ்வளவுதான் பேசினான். இரண்டு நாள் கழித்து, என் மனைவியின் வளையலை அடகு வைத்து வண்டி பேசி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்னமே வந்திருக்கக் கூடாதா என்றுதான் அங்கேயும் கேட்டார்கள். அடுத்த மாசச் சீட்டு ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின் அவனை அடக்கம் செய்தோம். அவன் சொன்னபடி நான் போகாமல் இருந்திருக்க வேண்டும். போனேன்.

சீட்டு நிற்கவில்லை. அவள் மீன் காயப்போடுகிற இடத்தில் வேலைக்குப் போய்ப் பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டினாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. மாசா மாசம் செம்பில் அவன் பெயர் விழுந்தது, வெளியே வரவில்லை. கடைசி மாசம் மீதி ஒரே பெயர்தான். குலுக்க வேண்டியதில்லை. அறுபது ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் எண்ணிப் பார்க்கவில்லை. “இப்ப இத வச்சு அவுகள எங்கன கூட்டிட்டுப் போவ அண்ணாச்சி?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அதன் பிறகும் அந்தத் தெருவில் சீட்டு நடந்தது. நான் நடத்தவில்லை. நடத்தியவர் எழுதியது என் காகிதத்தைப் பார்த்துத்தான் என்று கேள்விப்பட்டேன், மடித்து, ஒட்டி, வீட்டுக்கு ஒன்றாக. எல்லோரும் மெச்சினார்களாம். ஆண்டவர் என்னை மன்னித்திருப்பார் என்று சாமியார் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் செபமாலையைக் கையில் எடுக்கிறபோதெல்லாம், கழற்றிப் போட்ட அந்தச் செருப்புதான் கண்ணில் வருகிறது.