சாப்பிடாமல் எழுந்து வந்த வீடு

மாவு எண்ணெயில் பொரிகிற வாசனை மாடிப்படி ஏறி வந்தால் அன்றைக்குச் சனிக்கிழமை என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். சன்னிவேலில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு நேர் கீழே இருந்த மேரே ஆன்ட்டி, பூரிக்கும் போண்டாவுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக உப்பி வரும் ரொட்டியைப் பொரித்தெடுத்து, வெண்ணெயும் பாகும் தடவி அடுக்கி வைத்துவிட்டு, வெளியே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் அத்தனை பேரையும் "ஃபானாவ்! சாப்பாடு ரெடி!" என்று கூப்பிடுவார். தொண்ணூற்று ஏழாம் வருஷம். நான் ஆறாம் வகுப்பு. அவர்கள் நியூசிலாந்துக்காரர்கள், மாவோரி இனத்தவர். ஆன்ட்டியின் கணவர் விரேமு அங்கிள் எங்கள் அப்பாவைப் போலவே வேலை விசாவில் வந்த எஞ்சினியர், ஒரே மகள் ஹினே என் வகுப்பு. வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான் என்றாலும், நாம் தமிழுக்கு நடுவில் "ஃப்ரீவே" என்றும் "கிரீன் கார்டு" என்றும் போட்டுக்கொள்வதைப் போல, அவர்கள் ஆங்கிலத்துக்கு நடுவில் தங்கள் பாஷையின் சொற்களைப் போட்டுக்கொள்வார்கள்.

அதில் முதலில் என் காதில் ஒட்டிக்கொண்டது "ஃபானாவ்". குடும்பம் என்று அர்த்தம் சொன்னாள் ஹினே. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு எல்லையே கிடையாது. சித்தப்பா பெரியப்பா மக்கள், அத்தை வழி, பாட்டி வழி, எல்லாமே அதற்குள் அடங்கும். ஊருக்கு ஃபோன் பேசும்போதெல்லாம் "ஃபானாவைக் கேட்காமல் சொல்ல முடியாது" என்பார் ஆன்ட்டி. கூடி ஒரு காரியம் செய்கிறவர்களையும், ரத்த சம்பந்தமே இல்லாவிட்டாலும், அந்தப் பெயரால் கூப்பிடலாமாம். எங்கள் அம்மா ஈரோட்டுக்காரி. பங்காளி, மாமன் மச்சான் என்று பிரித்துப் பிரித்தே வளர்ந்தவள். "ஏனுங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் எப்புடிங்க சொந்தமாவாங்க?" என்று அப்பாவிடம் சிரிப்பாள். ஆகலாம், ஆனால் சும்மா ஆக முடியாது, கூப்பிட்ட இடத்தில் போய் நிற்க வேண்டும். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது "தாப்பு". ஒருநாள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்தேன், ஹினே காலைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டாள். சாப்பாடு வைக்கிற இடத்தில் உட்காரக் கூடாது. தலை வைக்கும் தலையணைமேலும் உட்காரக் கூடாது, தொப்பியைச் சாப்பாட்டு மேஜையில் வைக்கக் கூடாது, சமையலறைத் துணியை மற்றத் துணிகளோடு மெஷினில் போடக் கூடாது. தலை தாப்பு; சாப்பாடு அதற்கு நேர் எதிர்; ஒன்றின் பக்கம் இன்னொன்று போகக் கூடாது. இதைக் கேட்ட அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம தீட்டுதான் கண்ணு!" என்றாள். இல்லவே இல்லை. அந்தத் துணி விஷயத்தில் ஏதோ பொருந்தினாலும், தீட்டு என்றால் அழுக்கு, ஒதுக்கி வை என்று பொருள். தாப்பு என்பது கனம். மனிதத் தலை அழுக்கென்றா அதைத் தொடாமல் இருக்கிறார்கள்? இறந்துபோனவரின் உடம்பும் அப்படித்தான், கனம் கூடிப்போனது. அந்தக் கனத்தை இறக்கி, வீட்டையும் மனிதர்களையும் பழையபடி புழங்கும் நிலைக்குக் கொண்டுவர அவர்களிடம் இருந்தவை பிரார்த்தனை, தண்ணீர், எல்லாம் முடிந்ததும் சமைத்த சாப்பாடு. அந்தச் சாதாரண நிலைக்கு "நோவா" என்று பெயர்.

"மனா" மட்டும் எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் விளங்கியது. மதிப்பு, மரியாதை, செல்வாக்கு எல்லாம் கலந்த ஒன்று, முன்னோரிடமிருந்து கொஞ்சம் வருகிறது, தான் செய்வதிலிருந்து கொஞ்சம் சேர்கிறது. ஃப்ரீவேயில் எங்கள் கார் நின்றுபோன அன்று விரேமு அங்கிள் ஆபீஸை விட்டுவிட்டு வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அப்பா நன்றி சொல்லச் சொல்ல அவர் கூச்சத்தில் நெளிந்தார். ஆன்ட்டிதான் சொன்னார்: "அவருக்கு மனா இருக்கிறது என்று நாங்கள் சொல்லலாம், அவர் சொல்லக் கூடாது." வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போட்டால் போடுகிறவர் மனாவும் உயரும், சாப்பிடுகிறவர் மனாவும் உயரும். சாப்பாட்டை மறுத்துவிட்டுப் போனால், வீட்டுக்காரரின் மனாவை மிதித்துவிட்டுப் போனதாகக் கணக்கு.

அந்த இலையுதிர் காலத்தில் விரேமு அங்கிள் ஆபீஸிலேயே நெஞ்சு வலித்துச் சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

உயிர் போன நேரத்திலிருந்து புதைக்கும்வரை உடம்பைத் தனியே விடக் கூடாது, ஒரு நிமிஷம்கூட. அவர்கள் வழக்கம் அது. பக்கத்தில் உட்கார்ந்து, காது கேட்கிற மனிதரிடம் பேசுவதைப் போலவே பேசுவார்கள், திட்டவும் செய்வார்கள். ஊரிலென்றால் ஃபானாவ் முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே ஆன்ட்டியும் ஹினேவும் மட்டும். உடம்பை வைத்திருந்த ஈமச்சடங்கு நிலையத்தில் கோட்டு போட்ட ஒருவர் மிகவும் மரியாதையாக, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மேடம், நேரம் முடிந்துவிட்டது" என்று சாயங்காலமானால் கதவைச் சாத்தினார். ஆன்ட்டி அழுது பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். எங்கள் அப்பாவும் கூடப் போய் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். விதிமுறையாம். நல்ல மனிதர்தான் அந்தக் கோட்டுக்காரர், திட்டக்கூட வழியில்லை. ஆன்ட்டி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே புருஷனோடு பேசிக்கொண்டிருந்ததாக அப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

போன உயிரோடு விசாவும் போயிற்று. கணவரின் வேலையை வைத்துத்தான் அவர்களுக்கு இந்த நாட்டில் இடம். உடம்போடு அவர்களும் ஒரே விமானத்தில் ஊர் திரும்ப வேண்டியது, அதற்கப்புறம் வரவே முடியாது. எங்கள் அம்மா தினமும் காலையில் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தாள், அவர்கள் மறுக்காமல் சாப்பிட்டார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் போட வேண்டும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருந்தது. இறந்தவர் வாழ்ந்த வீட்டை அறை அறையாகப் பிரார்த்தனை சொல்லித் தண்ணீர் தெளித்துச் சுத்தி செய்ய வேண்டும், முடிந்ததும் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊரில் அடக்கம் முடிந்தபின் ஃபானாவ் வந்து செய்வது. இங்கே வீட்டைக் காலி செய்தாக வேண்டுமே, அதனால் ஆன்ட்டி முன்கூட்டியே செய்யத் துணிந்து, மாடியிலும் பக்கத்திலும் இருந்த தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டார். "நீங்கள் சாப்பிட்டால்தான் முடியும்" என்று ஹினே என்னிடம் சொன்னாள். "இல்லாவிட்டால் அப்பாவின் தாப்பு வீட்டிலேயே நிற்கும், எங்கள் மேலேயும் நிற்கும். அதைச் சுமந்துகொண்டு விமானம் ஏற அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது."

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு வாயில் வந்ததெல்லாம் ஆங்கிலம்தான், அம்மாவுக்கு அதில் பாதிதான் புரியும். அம்மா காது கொடுத்தாளே தவிர மனசு கொடுக்கவில்லை. "எளவு ஊட்டுல போய் யாராச்சும் கை நனைப்பாங்களா? அவிய பாவம், மரியாதைக்குச் சொல்றாங்க. நாமதான் பாத்து நடந்துக்கோணும்" என்றாள்.

அன்று மத்தியானம் எல்லோரும் போனோம். ஆன்ட்டி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஏதோ ராகமாகச் சொல்லியபடியே கூடம், சமையலறை, படுக்கையறை என்று நடந்தார், நாங்கள் பின்னால் நடந்தோம். அங்கிளின் சட்டைகள் தொங்கிய அலமாரியைத் திறந்து அதற்குள்ளும் தெளித்தபோது எங்கள் அம்மாதான் முதலில் விசும்பினாள், பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் உண்மையாகவே ஃபானாவாகத்தான் இருந்தோம், சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்புறம் மேஜை. கோழி, உருளைக்கிழங்கு, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கென்று தனியே அரிசிச் சோறு, மலைபோல அந்தப் பொரித்த ரொட்டி. ஆன்ட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்து, "ஃபானாவ், சாப்பிடலாம்" என்றார்.

ஈரோட்டு அங்கிள் ஒருவர் முதலில் எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டே வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா, சொல்லவில்லை. அவர் மனைவி எழுந்தார். அடுத்த குடும்பம் எழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பேச்சில்லாமல், எங்கள் ஊர் மரியாதை அத்தனையும் வரிசையாக வெளியேறியது. ஆன்ட்டி அவர்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு, தட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒருவரைக்கூடத் தடுக்கவில்லை.

நான் ஒரு ரொட்டியை எடுத்தேன். அம்மா அதை என் விரலிலிருந்து மெதுவாக வாங்கித் தட்டிலேயே திரும்ப வைத்தாள். "வேண்டாம் கண்ணு" என்றாள், அவ்வளவு அன்பாக. ஹினே என்னைப் பார்த்தாள். நான் கத்தியிருக்கலாம், தமிழில் கத்த எனக்குச் சொல் வரவில்லை. ஆங்கிலத்தில் கத்தினால் புரிந்துகொள்ளக்கூடிய அப்பாவும் மற்றவர்களும் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

மேலே வந்ததும் ஒவ்வொருவராகத் தலைக்குக் குளித்தோம். கீழ் வீட்டுக்கு இந்தத் தண்ணீர்ச் சத்தம் நன்றாகக் கேட்கும். அந்த அபார்ட்மென்ட் சுவர்களின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ஈரத்தலையோடு அழுதுகொண்டே அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன், அவர் வரிவரியாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அம்மா தலை துவட்டுவதை நிறுத்திவிட்டாள். "அய்யோ, நானு மரியாதைன்னுல்லங்க நெனச்சேன்! அவியளைத் தள்ளி வெச்ச மாதிரி ஆயிப்போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கோலத்திலேயே கீழே ஓடிக் கதவைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

காலையில் மறுபடியும் போனாள். வெறும் வயிற்றோடு போனாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீடு காலி. அடுத்த மாதமே ஒரு குஜராத்தித் தம்பதி குடிவந்து, பால் காய்ச்சி, எங்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் அபார்ட்மென்ட்டே இல்லை, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஆபீஸ் ஒன்று நிற்கிறது, வாசலில் பாட்ஜ் இல்லாமல் நிற்கக்கூட விடமாட்டார்கள். ஹினேவை இணையத்தில் தேடிப் பார்த்தாயிற்று. அந்தப் பெயரில் அங்கே எத்தனையோ பேர், எவளும் இவள் இல்லை. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். சன்னிவேல் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் என்னைக் கார் எடுக்கச் சொல்லிப் போய்விடுகிறாள். எல்லோரும் எழுந்து பேசாமல் போன பிறகும் அவள் மட்டும் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருப்பாள். வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம், என்ன வேணும் ஆன்ட்டி என்று கேட்பார்கள். "ஒரு வாய் ஏதாச்சும் இருந்தா குடு சாமி" என்பாள். நம் வழக்கப்படி அந்த வீட்டில் அடுப்பே எரிந்திருக்காது.