ஏழாம் கேள்வியின் இடது ஓரக் கோடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான்கு ஆண்டுகள் உயிர்வேதியியல் எடுத்தேன். திருநின்றவூரிலிருந்து இரண்டு பஸ். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். வியாழக்கிழமைதோறும் பத்துக் கேள்வி கொண்ட குவிஸ். விடைத்தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக்கொள்வார்கள். நான் விடையைப் படிப்பேன், அவர்கள் திருத்துவார்கள். எனக்கு நேரம் மிச்சம்.

ஒரு பருவத்தில், கடைசி ஐந்து குவிஸ்களையும் கூட்டி முதல் மதிப்பெண் வாங்குபவருக்குத் திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் ஆறு வாரப் பயிற்சி. ஒரே ஒரு இடம். பயிற்சிக்குப் போனவர்களை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். கடைசி குவிஸுக்கு முன் ஒரு பெண்ணும் ஒரு பையனும் சமமாக இருந்தார்கள். இருவரும் ஒரே பெஞ்ச்.

ஏழாம் கேள்வி ஒரு வரைபடம். நொதியின் வேகத்தையும், அது வேலை செய்யும் பொருளின் அளவையும் தலைகீழாக்கிப் போட்டால் நேர்கோடு வரும். தடுக்கும் மருந்து இல்லாமல் ஒரு கோடு, சேர்த்து இன்னொரு கோடு. சுழியத்தில் நிற்கும் செங்குத்துக் கோட்டில் இரண்டும் சந்தித்தால் காம்பிடிட்டிவ்: மருந்து நொதியின் அதே இருக்கைக்குப் போட்டி போடுகிறது, பொருளைக் கூட்டினால் விரட்டிவிடலாம், உச்ச வேகம் குறையாது. சுழியத்துக்கு இடப்புறம், படுக்கைக் கோட்டின் மேல் சந்தித்தால் நான்-காம்பிடிட்டிவ்: மருந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு பொருள் கொட்டினாலும் உச்ச வேகம் குறைந்தே இருக்கும்.

படத்தை நான்தான் வரைந்தேன். செங்குத்துக் கோட்டை நடுவில் போட்டால் எண்கள் மற்ற கோடுகளில் சிக்கும் என்று இடது ஓரத்துக்குத் தள்ளினேன். அங்கே சுழியம் இல்லை, மைனஸ் அரை. இரண்டு கோடுகளும் அதன் அடியில், படுக்கைக் கோட்டைத் தொடும் மூலையில் சந்தித்தன.

"ஏழு, காம்பிடிட்டிவ்" என்று படித்தேன்.

"இன்னா, நான்-காம்பிடிட்டிவ்னு போட்டுகீற? அவுட்டு" என்றான் பையன், அவள் தாளில் பெருக்கல் குறி போட்டபடி.

அவள் எழுந்தாள். "சார், அந்தக் கோட்டாண்ட சீரோ இல்ல சார். மைனஸ் பாயின்ட் ஃபைவ் கீது. சீரோவுல பாத்தா ஒரு கோடு ஒண்ணுல கீது, இன்னொண்ணு ரெண்டுல கீது."

பதினோரு நிமிடம் மிச்சம், மூன்று கேள்வி பாக்கி. "ரெண்டு கோடும் எங்கம்மா சேருது? நிக்கிற கோட்டுலதானே? உக்காரு" என்றேன். முப்பத்தேழு பேர் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ஒரு மதிப்பெண்ணில் பையன் முந்தினான்.

சனிக்கிழமை தாள்களை அடுக்கும்போது படம் கண்ணில் பட்டது. அவள் சொன்ன இடத்தில் ஸ்கேலை வைத்தேன். ஒரு கோடு ஒன்றில், மற்றது இரண்டில், அவள் சொன்னபடியே. மதிப்பெண் பட்டியல் இன்னும் அலுவலகத்தில்தான் இருந்தது, ஆய்வுக்கூடத்துக்குத் திங்கட்கிழமைதான் அனுப்புவார்கள். என் அறையிலிருந்து அலுவலகம் அறுபத்திரண்டு அடி. திங்களன்று இருபது அடி நடந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு மதிப்பெண்தானே என்றும், வகுப்பில் சொன்னதை எப்படி மாற்றுவது என்றும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆறு வருடம் ஆகிறது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஆவடி நெருங்குகையில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். சேரும் இடத்தில் சுழியமா, மைனஸ் அரையா என்று மனம் கேட்கும். கண்ணை மூடினாலும் கேட்கும்.

போன மாதம் சர்க்கரை பார்க்க ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். டோக்கன் பதினேழு. ஊசியோடு வந்தவள் அவள்தான்.

"சார், நல்லாகீறீங்களா? இன்னா சார், ரொம்ப எளச்சிட்டீங்க."

சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினேன். ரத்தம் எடுத்து முடித்ததும் டோக்கன் சீட்டின் பின்பக்கம் அந்தப் படத்தை வரைந்தேன். இடது ஓரக் கோட்டின் கீழே மைனஸ் அரை என்று பெரிதாக எழுதினேன்.

"இது என்னன்னு சொல்லும்மா."

அவள் பார்த்தாள். எண்ணைப் பார்க்கவில்லை, மூலையை மட்டும் பார்த்தாள்.

"காம்பிடிட்டிவ். நிக்கிற கோட்டுல சேருதே. நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க."

"இல்லம்மா. அன்னிக்கு நீ எழுதினதுதான் சரி. ரெண்டே நாள்ல எனக்குத் தெரிஞ்சிடுச்சு. பட்டியல் போறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவள் சீட்டை இன்னொரு முறை பார்த்தாள். பஞ்சை என் கையில் அழுத்திப் பிடித்தாள்.

"அதுக்கப்புறம் பரீச்சைல கிராஃப் வந்தா நான் தொடவே மாட்டேன் சார். நமக்கு அது வராதுன்னு வுட்டுட்டேன்." என் விரல்களை எடுத்துப் பஞ்சின் மேல் வைத்தாள். பிறகு, "கைய மடக்கி வச்சுக்கோங்க. அஞ்சு நிமிசம்" என்றாள்.

பதினெட்டைக் கூப்பிட்டாள். நான் கையை மடக்கியபடி உட்கார்ந்திருந்தேன். முந்நூறு வரை எண்ண வேண்டும். நாற்பதில் விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். சீட்டு அவள் மேசையில், படம் மேலே தெரிய, கிடந்தது.