கடைசி ஃபிலிமில் எடுத்த கையெழுத்து

அடையாறிலிருந்து என் தம்பி தபாலில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். யூகேஜி படிக்கும் அவன் பெண்ணின் இரட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம், முழுக்க 'அ'. நோட்டை மறுநாளே பள்ளியில் கொடுத்தாக வேண்டுமாம். கேமரா ரோலில் ஒரு ஃபிலிம் மிச்சமிருக்க, படமெடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுவிட்டான். போட்டோவின் பின்பக்கம், 'அக்கா, இவள் எழுத்து நன்னா இருக்கா?' என்று கேட்டிருந்தான். நான் சாந்தோமில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பான்?

எழுத்தென்னவோ கோட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவும் நடுங்கியிருந்தது. போகப்போக அழுத்தம் கூடி, கடைசி வரியில் பென்சில் தாளையே கிழித்திருந்தது. பக்கம் மடங்காமலிருக்க அவளுடைய இடது கையை அதன் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறான் மடையன். அந்தப் பிஞ்சு விரல் முட்டிகள் வீங்கி, குறுக்கே சிவப்பாக இரண்டு தடிப்பு.

குழந்தை இடது கைக்காரி என்று எனக்கு முன்பே தெரியும், சாக்பீஸ் கொடுத்தால் அந்தக் கையைத்தான் நீட்டுவாள். பள்ளி விட்டதும் பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அவள் வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மர ஸ்கேலோடு அவன்.

"வா அக்கா! போட்டோ வந்துதா? எழுத்து எப்படி?"

"எழுத்து கெடக்கட்டும். அவ கையை ஏன்டா அடிச்சே?"

"பின்னே? பீச்சாங்கையால அட்சரம் எழுதலாமா?"

"எந்தக் கை வருதோ அந்தக் கையால எழுதட்டும்! அழகா இருக்கான்னா பாக்கறே? பென்சிலை எப்படிப் பிடிக்கறா, எவ்வளவு அழுத்தறா, எழுதினப்புறம் கை வலிக்கறதா, அதைப் பாருடா. மொதல் வரிக்கும் கடைசி வரிக்கும் என்ன வித்தியாசம்னு பாரு. இந்த வயசுல கோடு தாண்டினா தாண்டிட்டுப் போறது!"

"ஒனக்கென்ன, நாலு பேர் சிரிப்பா."

அவ்வளவுதான். ஸ்கேலைப் பிடுங்கி, மேஜை மேலிருந்த அவன் வலது கை முட்டியில் ஓங்கி ஒன்று போட்டேன். "ஐயோ" என்று அலறினான்.

"இப்போ இடது கையால ஒரு பக்கம் 'அ' எழுது. நன்னா இருக்கான்னு நான் சொல்றேன். எழுதுடா!"

அவன் கையை உதறிக்கொண்டு நின்றான். ஆத்திரம் அடங்காமல் மறுபடி ஸ்கேலை ஓங்கினேன்.

குழந்தை பென்சிலைக் கீழே வைத்தாள். கண்களை இறுக்க மூடிக்கொண்டு, இடது கையை என் ஸ்கேலுக்குக் கீழே நீட்டினாள். அழவில்லை. யாரும் சொல்லாமலே முட்டிகளை மேலே திருப்பி வைத்தாள்.

ஸ்கேல் என் கையிலிருந்து விழுந்தது. தம்பி மண்டியிட்டு அந்தக் கையை எடுத்துக்கொள்ளப் போனான். அவன் விரல் பட்டதும், கண்ணைத் திறக்காமலே, கையை இன்னும் நன்றாக நீட்டிக் காட்டினாள்.